ஒரே தடவை காதில் விழும் எச்சரிக்கை: புயல் அறிவிப்பை வானொலிக்கு மாற்றி எழுதுவது

மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தெற்கு முனையில், பெர்ணாம் ஆற்றை ஒட்டி ஊத்தான் மெலிந்தாங் இருக்கிறது. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும்தான். நிலம் தாழ்வு. கடல் நீர் உள்ளே வராமல் இருக்கக் கரையோரத்தில் பண்ட் எனப்படும் மண்கரை போட்டிருக்கிறார்கள். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு வெள்ளம் புதிதல்ல. தண்ணீர் வாசலுக்கு வருகிறதா என்று பார்ப்பார்கள், சாமான்களை மேலே ஏற்றுவார்கள், முட்டிக்கு மேல் போனால் கிளம்புவார்கள். அந்தப் பழக்கம் வெள்ளத்துக்குச் சரிவரும். காற்றுக்குச் சரிவராது. பலத்த காற்று தொடங்கிய பிறகு வீட்டை விட்டுக் கிளம்புவதுதான் மிக ஆபத்தான நேரத்தில் கிளம்புவது.

புயல் இந்த மண்ணுக்குப் பழக்கமில்லாத விருந்தாளி என்பதற்குக் காரணம் உண்டு. பூமத்திய ரேகைக்கு மிக அருகில் பூமியின் சுழற்சி காற்றைச் சுழற்றிவிடும் விசை மிகக் குறைவு. ஐந்து பாகைக்குள் புயல் உருவாவது அரிது. ஆனால் அரிது என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் புயல் ஜொகூரின் தென்கிழக்குக் கரையைத் தாக்கியது. அது உருவான இடம் பூமத்திய ரேகையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை பாகை தூரம்தான். 1996 டிசம்பரில் கிரெக் புயல் சபாவில் 200 பேருக்கு மேல் உயிர் வாங்கியது. 2025 நவம்பர் இறுதியில் சென்யார் மலாக்கா நீரிணையிலேயே உருவானது. சுமத்ராவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெள்ளத்துக்கும் நிலச்சரிவுக்கும் காரணமாகி, பிறகு கிழக்கே திரும்பித் தீபகற்பத்தின் மேற்குக் கரைக்கு வந்தது.

நாகப்பட்டினத்திலோ கடலூரிலோ புயல் என்று சொன்னால் போதும், அடுத்து என்ன செய்வது என்று பாட்டிகளுக்கே தெரியும். இங்கே தெரியாது. ஒவ்வொரு படியையும் வானொலிதான் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதுவும் கேட்பவரால் திரும்பப் பார்க்க முடியாத வடிவத்தில். கரண்ட் போன பிறகு வாட்சாப் செய்தி கைப்பேசியின் பேட்டரியையும் தொலைத்தொடர்புக் கோபுரத்தின் பேட்டரியையும் நம்பித்தான் இருக்கும். பேட்டரி வானொலியும் கார் வானொலியும் அதைவிடக் கூடுதல் நேரம் தாங்கும். தகரக் கூரையில் மழை கொட்டும்போது, அடுப்படியில் நின்றுகொண்டு, பாதியில் காதுகொடுக்கும் ஒருவருக்காக நாம் எழுதுகிறோம்.

கைக்கு வரும் எச்சரிக்கை எப்படி இருக்கும் என்று பார்ப்போம். கீழே உள்ளது நானே அமைத்த மாதிரி. உண்மையான அறிவிப்பு அல்ல. ஆனால் தாளில் வரும் எச்சரிக்கைகளின் நடை இதுதான்.

"வடக்கே 3.9 பாகை, கிழக்கே 100.1 பாகையில் 0600 யுடிசி நிலவரப்படி மையம்கொண்டுள்ள வெப்பமண்டலப் புயல் 7 நாட் வேகத்தில் கிழக்கு நோக்கி நகர்ந்து வருவதால், மணிக்கு 75 கிலோமீட்டர் வரையிலான பலத்த காற்று, தொடர் மழை மற்றும் கடல் கொந்தளிப்பு பாகான் டத்தோ, ஹிலிர் பேராக் மாவட்டங்களில் ஏற்படக்கூடும். மேற்குறிப்பிட்ட பகுதிகளில் தாழ்வான இடங்களில் வசிப்போர் மின் இணைப்பைத் துண்டித்து, முக்கிய ஆவணங்களை எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டி, அருகிலுள்ள தற்காலிக நிவாரண மையத்துக்குச் செல்லுமாறும், பிறர் வீட்டை விட்டு வெளியேற வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

தாளில் இதில் தவறில்லை. இரண்டு முறை படித்தால் எல்லாம் கிடைக்கும். காதுக்கு இது ஏன் எட்டாது என்பதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் நேரம். யுடிசி என்பது உலகப் பொது நேரம். 0600 யுடிசி என்றால் மலேசிய நேரப்படி பிற்பகல் 2 மணி. இந்தத் தாள் மாலை 4 மணிக்கு வானொலி நிலையத்துக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். தாளில் உள்ள இடம் இரண்டு மணி நேரத்துக்கு முந்தைய இடம். அங்கிருந்து பாகான் டத்தோ கரை ஏறக்குறைய 75 கிலோமீட்டர். 7 நாட் என்பது மணிக்கு 13 கிலோமீட்டர். ஆக ஏறக்குறைய ஆறு மணி நேரப் பயணம். நாலு மணியிலிருந்து எண்ணினால் இரவு பத்து என்று வரும். இரண்டு மணியிலிருந்து எண்ணினால் இரவு எட்டு. எட்டு என்பதுதான் சரியான கணக்கு, அதுவும் மையம் வரும் நேரம் மட்டும். பலத்த காற்று மையத்துக்கு முன்னாலேயே வந்துவிடும்.

இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு எழுதுபவரே கெடு வைத்துவிடக் கூடாது. புயல் வேகத்தை மாற்றும், திசையை மாற்றும். கணக்கு எதற்கு என்றால், மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியாவின் முன்னறிவிப்பு அலுவலரைக் கூப்பிட்டுச் சரியான கேள்வி கேட்பதற்கு: "ஊத்தான் மெலிந்தாங்கில் மனிதர்கள் வெளியே நடமாட முடியாத காற்று எத்தனை மணிக்குத் தொடங்கும்?" அவர் மாலை ஆறு மணிக்கு மேல் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு நேரம்தான் வானொலிக்குத் தேவை. பாகை, நாட், யுடிசி மூன்றும் அறிவிப்பிலிருந்து போய்விடலாம். அவை எழுதுபவருக்கான தகவல். கேட்பவருக்கு அவற்றை வைத்துச் செய்ய ஒன்றுமில்லை.

அடுத்தது இடம். பாகான் டத்தோ 2017-ல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முன் ஹிலிர் பேராக்கில் இருந்தது. மாவட்டப் பெயரை மட்டும் சொன்னால், ஊத்தான் மெலிந்தாங்கில் இருக்கும் வயதான அம்மா அது பாகான் டத்தோ பட்டணத்தைச் சொல்கிறார்கள் என்று விட்டுவிடலாம். தோட்டத்துக்காரர்கள் தங்களை மாவட்டத்தால் அடையாளம் சொல்வதில்லை. ஊர், தோட்டம், டிவிஷன், ஆறு, இப்படித்தான் சொல்வார்கள். அதனால் ஊர்ப் பெயர்கள் வேண்டும்: ஊத்தான் மெலிந்தாங், செலேக்கோ, ரூங்குப், பாகான் டத்தோ. மின்னல் எஃப்எம் போல நாடு முழுக்கக் கேட்கும் நிலையத்தில் இது இன்னும் அவசியம். சுங்கை பட்டாணியில் கேட்பவர் தனக்கில்லை என்று உடனே தெரிந்துகொள்ள வேண்டும். ரூங்குப்பில் கேட்பவர் தனக்குத்தான் என்று உடனே நிமிர வேண்டும்.

தன் ஊர்ப் பெயரைக் கேட்டவுடன் மனிதருக்கு ஒரு நொடி மற்றதெல்லாம் காதில் விழாது. பிள்ளைகளைக் கூப்பிடுவார், ஒலியைக் கூட்டுவார். அந்த நொடியில் முக்கியமான வாக்கியம் வந்தால் போயிற்று. அதனால் ஊர்ப் பெயர்களைச் சொன்ன பிறகு அறிவிப்பாளர் நிறுத்த வேண்டும், பிறகு அதே பெயர்களை இன்னொரு முறை சொல்லிவிட்டுத்தான் செய்திக்குப் போக வேண்டும். இரண்டாவது முறை சொல்வது அலங்காரமில்லை. திரும்பிப் பார்க்கும் நேரத்தை அவருக்குக் கொடுக்கிறோம்.

"மேற்குறிப்பிட்ட பகுதிகள்" என்பது வானொலியில் செத்த சொற்றொடர். காதுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. நடுவில் வந்து சேர்ந்தவருக்கு "அங்கு", "இவர்கள்", "முன்பு சொன்னபடி" எதுவும் எட்டாது. எத்தனை முறை வந்தாலும் பெயரையே சொல்ல வேண்டும். எழுத்தில் சலிப்பாகத் தெரியும், காதில் சலிக்காது.

இப்போது செய்ய வேண்டிய காரியங்கள். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. மாதிரியில் "துண்டித்து, எடுத்துக்கொண்டு, பூட்டி, செல்லுமாறு" என்று நான்கு வேலைகள் ஒரே சரத்தில் கோத்திருக்கின்றன. கடைசி வினையில்தான் கட்டளை இருக்கிறது. முன்னால் உள்ள மூன்றும் வழியில் நடக்கும் விஷயங்கள் போலக் காதைக் கடந்துபோகும். இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு, என்ன செய்யச் சொன்னார்கள் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். "மையத்துக்குப் போகச் சொன்னார்கள்" என்பார். மெயின் சுவிட்ச் போயிருக்கும், மருந்து போயிருக்கும்.

அதனால் ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலை, ஒவ்வொரு வேலைக்கும் முழுக் கட்டளை. அதோடு, வேலையின் பெயரை வாக்கியத்துக்கு முன்னால் தனியாக வைப்பது நல்லது: "முதல் வேலை, பை." பிறகுதான் விவரம். வினை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று காதுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. வீட்டில் கண்ணுக்குத் தெரியும் பொருளாக அது இருந்தால் இன்னும் நல்லது. பை, மெயின் சுவிட்ச், மண்டபம். பதற்றத்தில் அறிவிப்பு மறந்தாலும் சுவிட்சைப் பார்த்ததும் நினைவு வரும்.

எத்தனை வேலை? நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் 2001-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், மனம் ஒரே நேரத்தில் பிடித்து வைத்திருக்கக்கூடியது ஏறக்குறைய நான்கு விஷயங்கள் என்று காட்டினார். பயத்தில் இருப்பவருக்கு நான்குகூட அதிகம் என்றே எடுத்துக்கொள்வேன். மூன்று போதும். "மூன்று வேலை இருக்கிறது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், இரண்டுதான் நினைவிருக்கிறது என்றால் ஒன்றைத் தவறவிட்டோம் என்று கேட்பவருக்கே தெரியும். அடுத்த சுற்றில் அதற்காகக் காத்திருப்பார்.

மாதிரியில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஒரே வாக்கியத்தில் ஒரு பகுதியினரைக் கிளம்பச் சொல்கிறது, இன்னொரு பகுதியினரை வீட்டிலேயே இருக்கச் சொல்கிறது. பாதி கேட்டவர் எதிரான கட்டளையை எடுத்துக்கொள்ளலாம். பண்ட் ஓரம் இருப்பவர் வீட்டிலேயே தங்கினால் உயிருக்கு ஆபத்து. மேட்டில் கல் வீட்டில் இருப்பவர் காரை எடுத்துக்கொண்டு செம்பனை வரிசைகளுக்கு நடுவே கிளம்பினால் அதுவும் ஆபத்து. இரண்டு கூட்டத்துக்கு இரண்டு அறிவிப்பு எழுத வேண்டும். நடுவில் இசையோ மணியோ வைத்துப் பிரிக்க வேண்டும். கிளம்ப வேண்டியவர்களுக்கானது முதலில்.

பிறகு எதிர்மறை. தமிழில் "வேண்டாம்", "போகாதீர்கள்" என்ற மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. "பாலத்தைக் கடந்து போகாதீர்கள்" என்பதில் கடைசிப் பாதி மழை இரைச்சலில் அமுங்கினால் மிச்சம் காதில் விழுவது பாலத்தைக் கடந்து போ என்பதுதான். வானொலியில் செய்யக் கூடாததைச் சொல்வதைவிடச் செய்ய வேண்டியதைச் சொல்வதே பாதுகாப்பு: "பாலத்துக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள்." கடைசி அசை போனாலும் பொருள் தலைகீழாகாது.

வீட்டில் தங்குபவர்களுக்கான அறிவிப்பில் இந்தச் சோதனை கடுமையாக வரும். புயலின் மையம் ஊருக்கு மேலே கடக்கும்போது காற்று திடீரென்று தணியலாம். முடிந்துவிட்டது என்று மக்கள் வெளியே வந்து கூரையைப் பார்ப்பார்கள். பிறகு எதிர்த்திசையிலிருந்து காற்று அடிக்கும். இதைச் சொல்ல எளிதாக வரும் வாக்கியம்: "புயல் கடந்துவிட்டது என்று நாங்கள் அறிவித்த பிறகு வெளியே வாருங்கள்." தாளில் இது சரி. இதன் நடுப்பகுதி காதில் விழாமல் போனால்? "புயல் கடந்துவிட்டது, வெளியே வாருங்கள்." இதைவிடக் கேடான அறிவிப்பை யோசிக்க முடியாது. எச்சரிக்கை அமலில் இருக்கும்வரை "கடந்துவிட்டது", "வெளியே வாருங்கள்" என்ற சொற்களே அறிவிப்பில் இருக்கக் கூடாது. "காற்று நின்றாலும் உள்ளேயே இருங்கள். காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து மறுபடி வரும். நாங்கள் சொல்லும்வரை உள்ளேயே இருங்கள்." எந்தத் துண்டு காதில் விழுந்தாலும் அது மனிதரை உள்ளேயே வைத்திருக்கிறது. எழுதி முடித்த ஒவ்வொரு வாக்கியத்தையும் இப்படிப் பாதியாக வெட்டிப் பார்ப்பதை நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

எண்களுக்கும் தனிக் கவனம் வேண்டும். ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது, ஒன்பது எல்லாம் ஒரே மாதிரி முடிகின்றன. இரைச்சலில் முதல் அசை போனால் எல்லாம் ஒன்றுதான். காற்று மணிக்கு 75 கிலோமீட்டர் என்பதற்குப் பதிலாக அது என்ன செய்யும் என்று சொல்லலாம்: நடக்க முடியாது, கிளை முறியும், தகரம் பெயரும். "நாளை", "இன்றிரவு" என்பவையும் ஏமாற்றும். ஒலிப்பதிவு நள்ளிரவு தாண்டி மறுபடி ஓடினால் "நாளை" வேறு நாளாகிவிடும். கிழமை பெயரோடு சொல்ல வேண்டும். "ஆறு மணிக்கு", "ஆறு மணிக்குள்" இரண்டுக்கும் இடையே ஓர் எழுத்துதான் வித்தியாசம். "ஆறு மணி ஆவதற்கு முன்" என்றால் குழப்பமில்லை. ஆறு பெருகும் என்று சொல்ல நேர்ந்தால் "பெர்ணாம் ஆறு" என்றே சொல்ல வேண்டும், மணியோடு கலந்துவிடாமல்.

கிளம்ப வேண்டியவர்களுக்கான அறிவிப்பு இப்போது இப்படி வரும். மண்டபம் எது என்பது மாவட்ட அலுவலகம் திறந்ததாக உறுதிசெய்த இடமாக இருக்க வேண்டும். மாதிரிக்காகத் தமிழ்ப்பள்ளி மண்டபம் என்று வைத்திருக்கிறேன்.

"புயல் எச்சரிக்கை. ஊத்தான் மெலிந்தாங். செலேக்கோ. ரூங்குப். பாகான் டத்தோ.

ஊத்தான் மெலிந்தாங், செலேக்கோ, ரூங்குப், பாகான் டத்தோ மக்களே. வியாழக்கிழமை இரவு உங்கள் பகுதிக்குப் புயல் வருகிறது. வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் வெளியே நடக்க முடியாது. கிளை முறியும். தகரம் பறக்கும்.

ஆற்றோரம் இருக்கிறீர்களா? கடலோரம் இருக்கிறீர்களா? பண்ட் பக்கம் இருக்கிறீர்களா? இது உங்களுக்கு. மாலை ஆறு மணி ஆவதற்கு முன் மூன்று வேலை.

முதல் வேலை, பை. அடையாள அட்டை, மருந்து, கைப்பேசி. மூன்றையும் ஒரு பையில் போடுங்கள்.

இரண்டாவது வேலை, மெயின் சுவிட்ச். மெயின் சுவிட்சை அணையுங்கள்.

மூன்றாவது வேலை, மண்டபம். தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்குப் போங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

பை. மெயின் சுவிட்ச். மண்டபம். மாலை ஆறு மணி ஆவதற்கு முன்.

வண்டி இல்லையா? உதவிக்கு அழையுங்கள். ஒன்பது, ஒன்பது, ஒன்பது. மறுபடி சொல்கிறோம். ஒன்பது, ஒன்பது, ஒன்பது."

நிதானமாக வாசித்தால் ஒன்றரை நிமிடம் போலப் பிடிக்கும். புயலின் பெயர்கூட இதில் இல்லை. பெயர், தூரம், வேகம் எல்லாம் செய்தி நேரத்தில் விரிவாகச் சொல்லலாம். ஆர்வமும் அக்கறையும் உள்ளவர்கள் கேட்பார்கள். இந்த ஒன்றரை நிமிடத்தில் அவற்றுக்கு இடமில்லை.

"இது உங்களுக்கு" என்பதற்கு முன் வரும் மூன்று கேள்விகளைச் சிலர் நீக்கச் சொல்வார்கள், நீளம் என்று. நான் நீக்க மாட்டேன். "தாழ்வான பகுதியில் வசிப்போர்" என்றால் தன் வீடு தாழ்வு என்று யாரும் நினைத்துக்கொள்வதில்லை. பண்ட் பக்கம் என்றால் தெரியும்.

இந்த அறிவிப்பு வேலை செய்யுமா என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒலிபரப்பும் முன் ஒருவரிடம், ஒரே ஒரு முறை, வாசித்துக் காட்ட வேண்டும். அவர் கையில் வேலை இருக்க வேண்டும், குழாய்த் தண்ணீர் சத்தமாக ஓட வேண்டும். எழுதியவரே வாசித்தால் முக்கியமான இடத்தில் தன்னை அறியாமல் அழுத்தம் கொடுப்பார், அதனால் வேறொருவர் வாசிப்பது நல்லது. பிறகு "புரிந்ததா?" என்று கேட்கக் கூடாது, எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "இப்போது நீங்கள் என்னென்ன செய்வீர்கள், எத்தனை மணிக்கு?" என்று கேட்க வேண்டும். வேலைகள் வரிசையாக வந்தால் சரி. நடுவேலை மட்டும் விடுபட்டால் அந்த இடத்தில் இடைவெளி போதவில்லை. நேரத்தை விட்டுவிட்டால், நேரம் ஒருமுறைதான் வந்திருக்கிறது. "நான் கிளம்பணுமா, இருக்கணுமா?" என்று அவர் திருப்பிக் கேட்டால் திருத்தினால் போதாது, முழுவதையும் மறுபடி எழுத வேண்டும்.

இரண்டாவது சோதனை, ஒலிப்பதிவை நடுவிலிருந்து ஓடவிடுவது. அறிவிப்பு சுற்றிச் சுற்றி ஒலிபரப்பாகும்போது பெரும்பாலோர் தொடக்கத்தில் சேர்வதில்லை. மூன்றாவது வேலையில் நுழைந்தவர், அடுத்த சுற்று தொடங்குவதற்குள் இது எந்த ஊருக்கு என்று கேட்டால், ஊர்ப் பெயர்கள் கடைசியிலும் ஒருமுறை வர வேண்டும் என்று அர்த்தம். மேலே உள்ள வரைவில் அது இல்லை. எண்ணைச் சொன்ன பிறகு நான்கு ஊர்ப் பெயர்களையும் சேர்த்தால் சரியாகிவிடும்.

வானொலியால் முடியாததும் உண்டு. தோட்டத்தில் வேலை பார்க்கும் வங்காளதேசத்துத் தொழிலாளிக்கும் நேபாளத் தொழிலாளிக்கும் தமிழ் அறிவிப்பு எட்டாது. தோட்ட நிர்வாகமும் மண்டோரும் குடியிருப்புக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும். காது கேட்காதவர்களுக்கும் அப்படித்தான். அதற்கென ஒரு வரி சேர்க்கலாம்: "பக்கத்துக் குடியிருப்பில் தமிழ் தெரியாதவர்கள் இருந்தால், போய்ச் சொல்லுங்கள்." ஆனால் அதை நான்காவது வேலையாக எண்ணிக்கையில் சேர்க்காமல், சுற்றுகளுக்கு இடையே தனியாகச் சொல்வது மேல்.

முடிவு அறிவிப்பையும் புயல் வரும் முன்பே எழுதி, எச்சரிக்கைக் கோப்பிலிருந்து தனியாக வைத்துவிட வேண்டும். நள்ளிரவில் களைத்துப்போன அறிவிப்பாளர் கையில் இரண்டும் கலந்துவிடக் கூடாது. மெட்மலேசியா எச்சரிக்கையை நீக்கிய பிறகு, அதன் நேரத்தைக் குறித்துக்கொண்டுதான் அதை எடுக்க வேண்டும். அதிலும் இரண்டு கூட்டம் இருக்கிறது: வீட்டில் இருந்தவர்கள் வெளியே வரலாம், மண்டபத்தில் இருப்பவர்கள் மாவட்ட அலுவலகம் சொல்லும்வரை மண்டபத்திலேயே இருக்க வேண்டும். காற்று ஓய்ந்தாலும் பெர்ணாம் ஆறு கடல் ஏற்றத்தில் வடியாமல் நிற்கலாம். அறுந்து கிடக்கும் மின்கம்பியைப் பற்றிய வரியும் அதில் வேண்டும், அதுவும் மறுப்பில்லாமல்: "கம்பி கிடந்தால் தள்ளியே நில்லுங்கள். தெனாகாவைக் கூப்பிடுங்கள். ஒன்று, ஐந்து, நான்கு, ஐந்து, நான்கு."